அடிக்கோல், பென்சில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்

அந்தச் சிறு நகரத்துக் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் வழக்கமாக மூன்று தாள்கள் இருக்கும். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல், போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், வாசகர் வட்டக் கூட்டம். இந்த மாதம் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நாளிதழ் படிக்க வருகிறவர்கள் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

"உறுப்பினர்கள் கவனத்துக்கு. கைப்பேசியில் வரும் புகைப்படங்கள் உண்மையா எனச் சரிபார்க்கும் பயிலரங்கம். வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை. கட்டணம் இல்லை. கொண்டுவர வேண்டியவை: 1. வாட்ஸ்அப்பில் வந்து உங்களைத் திடுக்கிட வைத்த ஒரு படம்; ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். 2. உங்கள் கைப்பேசியில் நீங்களே எடுத்த ஒரு படம். 3. நல்ல வெயிலில் எடுத்து, தாளில் அச்சிட்ட ஒரு படம். 4. அடிக்கோல், பென்சில். 30 பேருக்கு மட்டுமே இடம். புத்தகம் வழங்கும் மேசையில் பெயரைப் பதிவு செய்யவும்."

"என்ன மேடம், டிராயிங் கிளாஸா?" என்று கேட்டார் தினமும் காலையில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "போட்டோ கிளாஸ்தான் சார். அடிக்கோல் எதுக்குன்னு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்று சிரித்தார் நூலகர்.

பார்க்க விசித்திரமாக இருந்தாலும், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றை வரிசையாக விளங்கிக்கொண்டாலே பயிலரங்கத்தில் பாதி முடிந்த மாதிரி.

அண்ணன், தங்கை, பூகம்பம்

முதலில், வாட்ஸ்அப்பில் வந்த படம். இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம், இரண்டு குழந்தைகள் இருக்கும் ஒரு படம். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவிலான பூகம்பம் உலுக்கியது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தனர். அடுத்த சில நாள்களில் உலகெங்கும் ஒரு படம் பரவியது. ஒரு சின்னப் பையன் தன்னைவிடச் சின்னப் பெண் குழந்தையைக் கட்டி அணைத்துக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தில் பயம். 'நேபாளத்தில் இரண்டு வயதுத் தங்கையைக் காக்கும் நான்கு வயது அண்ணன்' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். அந்தப் படத்தை வைத்து நிதி கேட்டவர்களும் இருந்தார்கள்.

பயிலரங்கத்தில் இந்தப் படத்தை எப்படிச் சோதிப்பார்கள்? முதலில் கைப்பேசியில் படத்தைச் சேமிக்க வேண்டும். பிறகு கூகுள் செயலியின் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேமரா அடையாளத்தைத் தொட்டால் கூகுள் லென்ஸ் திறக்கும். அங்கே படத்தைத் தேர்ந்தெடுத்தால், அதே படமும் அதைப் போன்ற படங்களும் இணையத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும். நாம் சொற்களைக் கொடுத்துத் தேடுவோம். இங்கே படத்தைக் கொடுத்துச் சொற்களைத் தேடுகிறோம். அதனால்தான் இதற்குத் தலைகீழ்ப் படத்தேடல் என்று பெயர்.

முடிவுகளில் முதலில் வருவதைப் படித்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. நாம் தேடுவது எல்லாவற்றிலும் பழைய தேதியை. இதற்கு டின்ஐ என்ற தளம் வசதியானது. அதில் முடிவுகளை `Oldest` என்று வரிசைப்படுத்தினால், அந்தத் தளம் எப்போது முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தது என்று தெரியும். அது படம் எடுத்த நாள் அல்ல, அதற்குப் பிந்தியதுதான். ஆனாலும் நமக்கு அது போதும். 'நேபாள பூகம்பம்' என்று சொல்லப்படும் படம் 2015 ஏப்ரல் 24 அன்றோ அதற்கு முன்போ ஒரே ஒரு பக்கத்தில் வெளியாகியிருந்தாலும் கதை அதோடு முடிந்தது. நடக்காத பூகம்பத்தை யாரும் படம் எடுக்க முடியாது.

இந்தப் படம் நேபாளத்துக்கு முன்பே பல ஊர் சுற்றியிருந்தது. ஓரிடத்தில் அந்தக் குழந்தைகள் பர்மாவின் அனாதைகள். இன்னோரிடத்தில் சிரியா உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்டவர்கள். ஒரே இரண்டு குழந்தைகள் மூன்று நாடுகளில் இருக்க முடியாது என்பதால், இந்த இடத்திலேயே மூன்று குறிப்புகளும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடுகின்றன. இனி எடுத்தவரைத் தேட வேண்டும்.

எடுத்தவர் நா சோன் நுயென் என்ற வியட்நாம் புகைப்படக்காரர். 2015 மே மாதம் அவரே பி.பி.சி.யிடம் விவரத்தைச் சொன்னார். அந்தப் படத்தை அவர் எடுத்தது 2007 அக்டோபரில், வியட்நாமின் வட எல்லையில் அப்போது இருந்த ஹா ஸாங் மாகாணத்து மலைக் கிராமம் ஒன்றில். பெற்றோர் வயலில் வேலை செய்துகொண்டிருக்க, மாங் பழங்குடிக் குழந்தைகள் இருவர் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தனர். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துப் பெண் குழந்தை அழுதது. பையன் அதைத் தேற்ற அணைத்துக்கொண்டான். அவ்வளவுதான். பூகம்பமும் இல்லை, போரும் இல்லை, குழந்தைகள் அனாதைகளும் இல்லை. தன் படம் வேறு வேறு கதைகளோடு உலாவுவதைப் பார்த்து, அது தன்னுடையது என்று நிலைநாட்ட அவர் முயன்றார். பெரிய பலன் கிடைக்கவில்லை.

இந்த உதாரணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றப்படவில்லை. எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் 'அசல் படம்' என்றுதான் சான்று தருவார்கள். பொய் முழுவதும் கீழே எழுதிய இரண்டு வரியில் இருந்தது. நம் கைப்பேசிக்கு வரும் பொய்ப் படங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். கணினியில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டத் திறமை வேண்டும், நேரமும் வேண்டும். பழைய படத்தை எடுத்துப் புதிய வரி எழுத அரை நிமிடம் போதும்.

நம் கடற்கரையைச் சேர்ந்த உதாரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிரம்மாண்டமான அலை கரையில் மோதும் சில படங்கள் மின்னஞ்சலில் சுற்றின. அவை சீனாவின் சியான்டாங் ஆற்றில் 2002-ல் எடுத்தவை. அந்த ஆற்றில் கடல் ஓதம் சுவர்போல எழுந்து, நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே வரும். அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் கூட்டம் கூடும்.

சாதாரண மக்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கையில், இந்திய எல்லையில் ஒளிவிளக்குகள் பொருத்தியதற்குச் சான்றாக ஒரு படம் அச்சாகியிருந்தது. அது ஸ்பெயின், மொராக்கோ எல்லையில் 2006-ல் எடுத்த படம். 2017-ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பயன்படுத்தியதும் இதே தலைகீழ்த் தேடலைத்தான்.

அறிவிப்பில் 'ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்' என்று ஏன் போட்டிருக்கிறார்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவர் பெயர், நேரம், பேட்டரி அளவு, கீழே உள்ள எழுத்து எல்லாம் படத்தோடு சேர்ந்துவிடும். தேடல் இயந்திரம் அவற்றையும் படத்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டு தடுமாறும். படத்தின் நுணுக்கமும் குறையும். வேறு வழியில்லாமல் ஸ்கிரீன்ஷாட்தான் கையில் இருக்கிறது என்றால், ஓரங்களை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் தேடவேண்டும். சிலர் தேடலுக்குத் தப்புவதற்காகவே படத்தை இடவலமாகத் திருப்பி அனுப்புவார்கள். கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிந்தாலோ, ஆட்கள் எல்லோரும் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, படத்தைத் திருப்பி மறுபடி தேடிப் பார்க்கலாம்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பேடு

இரண்டாவது, நீங்களே எடுத்த படம். கைப்பேசியில் ஒரு படம் எடுக்கும்போது காட்சி மட்டும் பதிவதில்லை. எந்த மாதிரிக் கைப்பேசி, எந்தத் தேதி, எத்தனை மணி, லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது, இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்தால் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்று ஒரு குறிப்பேடே கோப்புக்குள் எழுதப்படுகிறது. `EXIF` என்பது அதன் பெயர். கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் இதைப் பார்க்கலாம். ஐபோனிலும் அப்படியே.

பயிலரங்கத்தில் உறுப்பினர்கள் முதலில் தாங்கள் எடுத்த படத்தில் இதைப் பார்ப்பார்கள். பிறகு அதே படத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவர் கைப்பேசியில் திறந்து பார்ப்பார்கள். எடுத்த நேரம், இடம், கேமரா விவரம் எல்லாம் மறைந்திருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது இந்தக் குறிப்புகளை நீக்கிவிடுகிறது. மூன்றாவது முறை அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால், அசல் கோப்பு குறிப்புகளோடு அப்படியே போய்ச் சேரும். ஆகவே, 'இந்தப் படம் நானே எடுத்தது' என்று ஒருவர் சொன்னால், 'அதையே டாக்குமென்டாக அனுப்புங்களேன்' என்று கேட்கலாம். எடுத்தவரால் அது முடியும். எங்கிருந்தோ வாங்கி அனுப்பியவரிடம் அந்த அசல் கோப்பு இருக்காது.

இதில் பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் படங்கள் இப்படி ஒரு பெயரோடு சேமிக்கப்படும்:

```
IMG-20231204-WA0012.jpg
```

நடுவில் உள்ள எட்டு இலக்கங்களைப் பார்த்துவிட்டு, 'தேதியே போட்டிருக்கிறதே, 2023 டிசம்பர் 4-ல் எடுத்த படம்' என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது படம் எடுத்த தேதி அல்ல, உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த தேதி. பத்து வருடத்துக்கு முந்திய படம் இன்று வந்தால், இன்றைய தேதிதான் பெயரில் ஏறும். `WA` என்ற எழுத்துகள் அது வாட்ஸ்அப் வழியே வந்தது என்பதைக் காட்டுகின்றன, வேறொன்றும் இல்லை.

குறிப்பேட்டை முழுசாக நம்பவும் முடியாது. கைப்பேசியில் தேதி தவறாக இருந்தால் தவறான தேதி பதியும். வேண்டுமென்றே மாற்றவும் மென்பொருள்கள் உண்டு. அதேபோல, அது நமக்கு வேண்டாத நேரத்திலும் உண்மை பேசும். 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி என்ற மென்பொருள் அதிபர், பெலிஸ் நாட்டுக் காவல்துறையிடம் சிக்காமல் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த ஒரு பத்திரிகையின் ஆட்கள், ஐபோனில் எடுத்த அவருடைய படத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட்டார்கள். இருப்பிடக் குறிப்பை நீக்க மறந்துவிட்டார்கள். அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பதைப் படமே சொல்லிவிட்டது. வீட்டில் எடுத்த குழந்தைகளின் படத்தை டாக்குமென்டாக முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சூரியன் ஒன்றுதான்

இப்போது ஆசிரியர் கேட்ட அடிக்கோலுக்கு வரலாம். இது வெட்டி ஒட்டிய படங்களைப் பிடிப்பதற்கு. வெயிலில் எடுத்த படத்தில் வெளிச்சம் ஒரே ஓர் இடத்திலிருந்து வருகிறது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது. இந்த இரண்டு உண்மைகளும் போதும், ஒரு சோதனை செய்துவிடலாம்.

அச்சிட்ட படத்தில் ஒரு விளக்குக் கம்பமும் அதன் நிழலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிழலின் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி. கம்பத்தின் உச்சியில் இன்னொரு புள்ளி. இரண்டையும் அடிக்கோலால் இணைத்து, கோட்டைப் படத்துக்கு வெளியேயும் நீட்ட வேண்டும். அடுத்து, பக்கத்தில் நிற்கும் சைக்கிளின் கைப்பிடிக்கும் நிழலில் அதே கைப்பிடி விழுந்த இடத்துக்கும் ஒரு கோடு. மூன்றாவதாக, நிற்கிற ஆளின் தலை உச்சிக்கும் நிழலில் தலை உச்சிக்கும் ஒரு கோடு. சூரியன் கேமராவுக்கு எதிரே இருந்தால் எல்லாக் கோடுகளும் மேலே சென்று சூரியன் இருக்கும் புள்ளியில் கூடும். முதுகுப் பக்கம் இருந்தால் கீழ்ப்பக்கமாக நீண்டு ஒரு புள்ளியில் கூடும். சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் கூடாமல் இணையாக ஓடும். மூன்றில் எதுவானாலும் எல்லாக் கோடுகளுக்கும் ஒரே கதிதான். கம்பமும் சைக்கிளும் ஓரிடத்தைக் காட்ட, ஆளின் கோடு மட்டும் வேறெங்கோ போனால், அந்த ஆள் வேறொரு படத்திலிருந்து வந்தவர்.

இதைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிட முடியாதா? முடியாது என்பதற்கு ஒரு பிரபலமான படம் சாட்சி. 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், வீட்டின் பின்புறத்தில் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. 'என் முகத்தை வேறு யார் உடம்பிலோ ஒட்டியிருக்கிறார்கள்' என்றார் ஆஸ்வால்ட். பல ஆண்டுகள் இதை நம்பியவர்கள் உண்டு. மூக்கின் நிழல் நேர்கீழே விழுகிறது, உடம்பின் நிழலோ பக்கவாட்டில் விழுகிறது, ஒரே சூரியனில் இது எப்படி என்பது அவர்கள் கேள்வி. பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். படத் தடயவியலில் பேர் பெற்ற ஹானி ஃபரீத் என்ற பேராசிரியர் 2009-ல் ஆஸ்வால்ட் தலையின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் உண்டாக்கி, ஒரே ஒரு வெளிச்சத்தை வைத்துப் பார்த்தார். மூக்கின் நிழலும் உடம்பின் நிழலும் படத்தில் இருந்தபடியே விழுந்தன. சந்தேகப்பட்டவர்களின் கண்தான் தவறு செய்திருந்தது.

காரணம் இதுதான். சாய்ந்த தரையிலோ, மூக்கு போன்ற வளைந்த பரப்பிலோ விழும் நிழல் திசை மாறித் தெரியும். கிட்டத்து நிழலும் தொலைவு நிழலும் படத்தில் இணையாகவும் தெரியாது. அதனால் 'நிழல் இந்தப் பக்கம் போகிறது, அந்த நிழல் அந்தப் பக்கம் போகிறது' என்று பார்வையிலேயே தீர்ப்புச் சொல்வது ஆபத்து. புள்ளியை வைத்துக் கோடு போட்டால் தரை எப்படி இருந்தாலும் கணக்கு மாறாது. மேகமூட்டமான நாளிலும், பல விளக்குகள் எரியும் இரவுப் படத்திலும் இந்தச் சோதனை பலிக்காது. நிழலில் எது எதன் நுனி என்று தெளிவாகத் தெரியாத இடத்தில் கோடு போடவும் கூடாது.

நிழல் கைகொடுக்காத இடத்தில் இன்னொரு படம் கைகொடுக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, பிரதமர் ஹெலிகாப்டரிலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே தண்ணீரில் மூழ்கிய வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. அதே காட்சியின் அசல் படத்தில் வெளிப்புறம் மங்கலாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒட்டுவேலை புரிந்துவிட்டது. அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்களை இணைத்ததாக ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது. வெள்ளம் உண்மை, பயணமும் உண்மை. சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி மட்டும் அந்தக் கணத்தில் அந்தச் சன்னலில் தெரிந்தது அல்ல.

வேறு யார் பார்த்தார்கள்?

செயற்கை நுண்ணறிவில் உருவாகும் படங்களுக்கு முதல் மூன்று சோதனைகளும் எப்போதும் உதவா. புதிதாக உருவாக்கிய படத்துக்குப் பழைய தேதி கிடையாது. எடுத்தவர் என்று யாரும் இல்லை. ஆறு விரல், உருகிய காது என்று தேடுவது கொஞ்ச காலம் பயன்பட்டது. மென்பொருள்கள் தேறத் தேற அந்தப் பிழைகளும் குறைந்துவருகின்றன. அந்த வகைக்குப் பயிலரங்கம் சொல்லித் தருவது ஒரு கேள்வி: இது நடந்திருந்தால் வேறு யாரெல்லாம் பார்த்திருக்க வேண்டும்?

2023 மே 22 காலையில், அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் பக்கத்தில் குண்டு வெடித்து கரும்புகை எழுவதாக ஒரு படம் ட்விட்டரில் பரவியது. அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்கள் சரிந்து மீண்டது. பென்டகனைச் சுற்றி நெடுஞ்சாலைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. பெரிய வெடிப்பு என்றால், வெவ்வேறு கோணங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் சில நிமிடங்களில் வந்திருக்கும். வந்தது ஒரே படம், ஒரே கோணம். உற்றுப் பார்த்தால் வேலியின் கம்பிகள் நடைபாதையோடு கலந்துபோயிருந்தன. அந்தப் பகுதியின் தீயணைப்புத் துறை, வெடிப்பு எதுவும் இல்லை என்று சிறிது நேரத்தில் அறிவித்தது.

இதே கேள்வி, பொய்யென்று தோன்றும் உண்மையையும் காப்பாற்றும். 2015 வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி சென்னையைக் கலக்கியது. பண்ணை அதை மறுத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காட்சி கைப்பேசிகளுக்கு வந்தது. பழைய வதந்தி நினைவில் இருந்த பலர், 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்' என்று ஒதுக்கினார்கள். ஆனால் இந்த முறை அது உண்மை. சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன, மழையில் ஏரி நிரம்பியதால் அது வெளியே வந்திருக்கிறது என்று தமிழக அரசின் சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு அன்றே விளக்கினார். முன்பு ஒரு முறை பொய்யாக இருந்தது என்பதற்காக, இந்தப் படமும் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

விடை தெரியாத படங்கள்

மூன்று மணி நேரத்தின் முடிவில் உறுப்பினர்கள் கொண்டுவந்த எல்லாப் படங்களுக்கும் விடை கிடைத்துவிடாது. பக்கத்துத் தெருவில் நேற்று எடுத்து, வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் சுற்றும் படத்தைக் கூகுள் பார்த்திருக்காது. தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், படம் உண்மை என்று அர்த்தமில்லை. பழைய தேதி கிடைத்தால் கதையை உடைக்கலாம். கிடைக்காவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்ட படத்துக்கு உள்ளூர் காவல் நிலையத்தையோ, அந்தத் தெருவில் இருக்கும் தெரிந்தவரையோ கேட்பதுதான் வழி.

கேட்காமல் நம்பியதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் தகவல்கள் பரவிக்கொண்டிருந்தன. அந்த மே மாதம், கோயிலுக்குப் போவதற்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த 65 வயதுப் பெண் ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரர் என்று சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகு, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. பலமுறை கைமாறி வந்த தகவலின் மேல் இப்போது இரட்டை அம்புக்குறி தெரியும். அது பொய் என்பதற்கான அடையாளம் அல்ல. அனுப்பியவருக்கும் எடுத்தவருக்கும் நடுவில் பல பேர் இருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். இரட்டை அம்பு உள்ள படத்தை அனுப்பியவரிடம் 'இது எங்கே எடுத்தது?' என்று கேட்டுப் பயனில்லை. அவருக்கும் தெரியாது.

பயிலரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தரப்போகிறார்கள். அதில் நான்கு கேள்விகள்: யார் எடுத்தது? எங்கே? எப்போது? வேறு யார் பார்த்தார்கள்? கொண்டுவந்த படத்துக்கு எதிரே விடைகளை எழுத வேண்டும். கண்டுபிடிக்க முடியாததை வெற்றாக விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. நான்கில் எது வெற்றாக இருந்தாலும் அந்தப் படத்தை அன்றைக்கு யாருக்கும் அனுப்புவதில்லை என்பது வகுப்பின் விதி.

செவ்வாய்க்கிழமை மாலை வரை புத்தகம் வழங்கும் மேசையில் இருந்த பதிவேட்டில் 22 பெயர்கள் இருந்தன. ஏழாவது பெயர் அந்த ஆசிரியருடையது. பெயருக்குப் பக்கத்தில், 'அடிக்கோல் இரண்டு கொண்டு வருகிறேன், இல்லாதவர்களுக்குத் தரலாம்' என்று எழுதியிருக்கிறார்.